ஒரு ரோஜாவுக்கு இரண்டு பெயர்கள்

புதிதாக உருவாக்கிய ரோஜாச் செடிக்கு முதலில் கிடைப்பது எண்தான். பிரான்சில் ரோஜா நாற்றுப்பண்ணை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் மேயான் 1935இல் மகரந்தக் கலப்பு செய்து பெற்ற நாற்றுகளில் ஒன்று 3-35-40 என்று குறிக்கப்பட்டது. அந்த ஆண்டின் மூன்றாவது கலப்பு, அதில் தேர்வான நாற்பதாவது செடி என்பது அதன் பொருள். மஞ்சள் இதழ்களின் ஓரத்தில் இளஞ்சிவப்பு படர்ந்த பெரிய பூ அது. பண்ணைக் குறிப்பேட்டுக்கு அந்த எண் போதும். கடைக்கு வருபவர் அதைச் சொல்லிக் கேட்கமாட்டார்.

இரண்டாம் உலகப்போர் மூளும் நேரத்தில் மேயான் இந்தச் செடியின் ஒட்டுக்குச்சிகளை ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பியிருந்தார். போர் தொடர்பைத் துண்டித்துவிட்டது. பிரான்சில் அவர் தன் தாயின் நினைவாக 'மதாம் மேயான்' என்று பெயர் வைத்தார். இத்தாலியர் மகிழ்ச்சி என்று பொருள்படும் 'ஜோயா' என்றனர். ஜெர்மனியில் அது 'குளோரியா டேய்', அதாவது கடவுளின் மகிமை, ஆயிற்று. அமெரிக்காவில் 1945 ஏப்ரலில் 'பீஸ்' என்று, சமாதானம் என்ற பொருளில், பெயரிட்டார்கள். அதே வேளையில் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சபையை உருவாக்கக் கூடியிருந்த நாடுகளின் பிரதிநிதிகளுக்கு இந்தப் பூ ஆளுக்கொன்று அளிக்கப்பட்டது. போரால் களைத்த மக்களுக்குச் சிறிய, எளிதாகச் சொல்லக்கூடிய அந்தச் சொல் மறக்கவில்லை. பெயர் நினைவில் நிற்க ஓசை மட்டும் போதாது, கேட்பவர் வாழ்வில் அதற்கு ஓர் இடமும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் ஒரே செடிக்கு நான்கு பெயர்கள் இருந்ததால் குழப்பமும் வந்தது. ஒருவர் இரண்டு பட்டியல்களைப் பார்த்து ஒரே ரோஜாவை இருமுறை வாங்கிவிடலாம். அதைவிடத் தீங்கானது, வேறொரு செடியை அதே பெயரில் விற்பது. இதைத் தடுக்கத்தான் இப்போது புதிய வகைக்கு இரண்டு பெயர்கள் வைக்கிறார்கள். ஒன்று பதிவுப் பெயர். எந்த நாட்டிலும் மாறாதது. மற்றது விற்பனைப் பெயர். நாட்டுக்கு நாடு மாறலாம். ரோஜா உலகில் பதிவுப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் பெரும்பாலும் உருவாக்கியவரைக் காட்டும். ஜெர்மனியின் கோர்டெஸ் குடும்பத்தார் 1958இல் வெளியிட்ட வெள்ளை ரோஜாவை எடுத்துக்கொள்ளலாம். பதிவுப் பெயர் 'கோர்பின்'. ஜெர்மனியில் விற்பது, வெண்பனிச் சிறுமியின் கதையை நினைவூட்டும் 'ஷ்னேவிட்ஷென்' என்ற பெயரில். ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ஐஸ்பெர்க்'. 'கோர்பின்' அழகான சொல் அல்ல. அழகு அதன் வேலையும் அல்ல. சீட்டில் அது இருந்தால் எந்த மொழிக்காரருக்கும் இது எந்தச் செடி என்று தெரிந்துவிடும்.

பதிவுப் பெயரைத் தேர்வதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. வளர்ப்புத் தாவரங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி, 1959 தொடங்கி புதிய வகைகளுக்கு லத்தீன் பெயர் வைக்கக்கூடாது. பெயர் முப்பது எழுத்துகளுக்கு மிகக்கூடாது. ஒரே பேரினத்தில் ஏற்கெனவே வழங்கும் பெயரையோ, அதோடு மயங்கும்படி ஒலிக்கும் பெயரையோ வைப்பது தவறு. வாங்குபவரை ஏமாற்றும் பெயரும் ஆகாது: சாதாரண உயரமுள்ள செடியைக் 'குட்டை' என்றால் பொய். ஒரு பழத்தை 'இனிப்பு' என்று மட்டும் பெயரிட்டாலும் சிக்கல்தான். மற்றவை இனிக்காதவை என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. போட்டியாளர் தன் பழத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லும் வழியையும் அடைக்கிறது.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் தாவர வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இதே போக்கில் போகிறது. வெறும் எண்களாலான பெயர் செல்லாது. ஊர்ப்பெயர் கலந்த பெயரைப் பதிவாளர் மறுக்கலாம். பதிவுப் பெயரையே வணிகமுத்திரையாகப் பதியவும் முடியாது. இந்தக் கடைசி விதியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தனக்குப் பிடித்த அழகிய சொல்லைப் பதிவுப் பெயராகக் கொடுத்துவிட்டால், பாதுகாப்புக் காலம் முடிந்தபின் அந்த வகையைப் பெருக்குகிற எல்லோருக்கும் அந்தச் சொல் உரியதாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் பதிவேட்டுக்குச் சாதாரணமான ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, அழகிய சொல்லை முத்திரைக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கிளையில் மட்டும் நிறம் மாறிப் பூத்து, அதை ஒட்டுக்கட்டிப் பெருக்கினால் அது தனி வகை. பழைய பெயரில் விற்கலாகாது. 'பீஸ்' செடியின் ஒரு கிளையில் பூ செம்பும் அடர்ந்த இளஞ்சிவப்புமாக மாறியபோது, அதைச் 'சிகாகோ பீஸ்' என்று 1962இல் வெளியிட்டார்கள். தாய்ச்செடி எது என்பதும், இது அதுவல்ல என்பதும் அந்த இரண்டு சொற்களிலேயே தெரிகின்றன.