ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று

கரடியனாற்று வயலில் இருவகை நெல்லைக் கலந்து, பேரப்பயிரை வகைபிரித்து எண்ணினால், தொகை விதியோடு அச்சொட்டாகப் பொருந்தாது. அவ்வேறுபாடு தற்செயலா, விதிமீறலா? மெண்டல் 1865 இல் அறிவித்த பட்டாணிக் கணக்கு இதனை விளக்கும்.

உருண்டை மஞ்சள் விதையினத்தைச் சுருங்கிய பச்சை விதையினத்தோடு அவர் கலந்தார். முதற் சந்ததி முழுதும் உருண்டை மஞ்சள். அது தன்மகரந்தச் சேர்க்கையால் ஈன்ற 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32.

இரு இயல்புகளும் ஒன்றையொன்று சாராது பிரிந்தால், தோற்றவமைப்பு விகிதம் 9:3:3:1 ஆகும். அதன்படி எதிர்பார்ப்பவை முறையே 312.75, 104.25, 104.25, 34.75. ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் கைவர்க்கம் 0.47. நான்கு வகைகளுக்கு ஐந்து சதவீத எல்லை 7.82, ஆதலின் வேறுபாட்டைத் தற்செயலெனக் கொள்ளலாம்.

சதவீதங்களை இட்டுக் கணித்தால் விடை பிறழும்; எண்ணிய தொகைகளையே இடல் வேண்டும்.