துளை போடத் தெரியாத செல்கள்

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து மேல் மருந்து கொடுத்தும் நாள்கணக்கில் இறங்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கிக் கைக்குத் தட்டுப்படுகின்றன. ரத்தத்தில் சிவப்பணுவும் வெள்ளையணுவும் தட்டணுவும் சரிந்துகொண்டே போக, ஃபெரிட்டின் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கிறது. கிருமியைத் தேடினால் பல நேரம் ஒன்றும் அகப்படாது. அகப்பட்டாலும் அது மற்றக் குழந்தைகள் ஒரு வாரம் படுத்து எழுந்து தாண்டிவிடும் சாதாரண வைரஸாக இருக்கும்.

எச்.எல்.எச். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நோயின் பரம்பரை வடிவத்தில் பழுது எங்கே என்பது 1999-இல் முதன்முதலாகத் தெரியவந்தது. அந்த ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகளின் உடலில் பெர்ஃபோரின் என்ற ஒரே ஒரு புரதம் சரியாக உருவாகவில்லை. வைரஸ் புகுந்த செல்லில் துளை போடுவதுதான் அதன் வேலை.

வைரஸ் புகுந்த செல்லை ஏன் கொல்ல வேண்டும்? ரத்தத்தில் மிதக்கும் வைரஸை ஆன்டிபாடி பிடித்துவிடும். ஆனால் அது நம் செல்லுக்குள் நுழைந்து பெருகத் தொடங்கியபின் ஆன்டிபாடியின் கை பொதுவாக அங்கே எட்டாது. அந்தச் செல்லையே அழிப்பதுதான் வழி. எதை அழிப்பது என்று கண்டுபிடிக்க உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. நம் செல்கள் தமக்குள் உருவாகும் புரதங்களை நறுக்கி, அந்தத் துணுக்குகளை எம்.எச்.சி. என்ற தாங்கியில் பொருத்தி, தம் மேற்பரப்பில் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கின்றன. வைரஸின் துணுக்கு அதில் தென்பட்டால் கொல்லி டி செல் வந்து ஒட்டிக்கொள்ளும். துணுக்கையும் தாங்கியையும் சேர்த்தே டி செல் அடையாளம் காண்கிறது என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளை வைத்துக் காட்டிய டோஹர்ட்டி, சிங்கர்நாகல் இருவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சில வைரஸ்கள் இதற்கும் மாற்று வைத்திருக்கின்றன. துணுக்கைக் காட்டும் தாங்கியையே மேற்பரப்பிலிருந்து மறையச் செய்துவிடும். அப்போது டி செல்லுக்கு எதுவும் தெரியாது. அந்த இடத்தில்தான் இயற்கைக் கொல்லி செல் வருகிறது. தாங்கி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போய், செல் நெருக்கடியில் இருப்பதற்கான அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்தால் அது தாக்கும். அடையாளம் காணும் முறைதான் வேறே தவிர, இரண்டு வகைக் கொல்லிகளிடமும் இருக்கும் ஆயுதம் ஒன்றுதான்.

அந்த ஆயுதம் கொல்லியின் உள்ளே சிறுசிறு பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. பெர்ஃபோரினும், கிரான்சைம் என்ற வெட்டும் நொதிகளும் அதில் இருக்கின்றன. பைக்குள் அமிலத்தன்மை அதிகம் என்பதால் பெர்ஃபோரின் அங்கே செயலற்று இருக்கும். கொல்லி இரையைப் பற்றிக்கொண்டதும் அதன் உட்புறமே திரும்புகிறது. நுண்குழாய்களின் மையம் இரை இருக்கும் பக்கமாக நகர்ந்து வர, அதைத் தொடர்ந்து பைகளும் வந்து, இரண்டு செல்களும் ஒட்டிய அந்தக் குறுகிய இடுக்கில் திறந்துகொள்கின்றன. இடுக்கில் அமிலம் இல்லை, கால்சியம் உண்டு. பெர்ஃபோரின் விழித்துக்கொள்கிறது. இருபதுக்கு முன்பின்னான மூலக்கூறுகள் வளையமாகக் கூடி, இரையின் சவ்வில் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவான விட்டமுள்ள துளையைப் போடுகின்றன.

இரை சும்மா இருப்பதில்லை. துளை விழுந்த உடனே, சைக்கிள் டியூபில் பங்சர் ஒட்டுவதுபோல, அந்த இடத்தை அடைக்கப் பார்க்கும். ஓரிரு நிமிடங்களில் அடைத்தும்விடும். அதற்குள் கிரான்சைம் உள்ளே போய்விட வேண்டும். போய்விட்டால் துளை மூடினாலும் பயனில்லை. கிரான்சைம் பி, செல்லுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் காஸ்பேஸ் என்ற நொதியை வெட்டி எழுப்புகிறது. எல்லாச் செல்களும் தம்மைத் தாமே கலைத்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் கருவி அது. டி.என்.ஏ. துண்டாகிறது, செல் சுருங்கிப் பொட்டலங்களாகப் பிரிகிறது, விழுங்கணுக்கள் வந்து தின்றுவிடுகின்றன. துளை போட்டு வெடிக்கவிட்டால் உள்ளிருக்கும் வைரஸ் வெளியே கொட்டலாம். கலைந்து சாகும்போது அந்த ஆபத்து குறைவு.

இத்தனையும் நடக்கும் இடுக்கில் கொல்லியின் சவ்வும்தான் இருக்கிறது. அதில் ஏன் துளை விழவில்லை? இது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. கொல்லியின் சவ்வில் அந்தப் பகுதியின் கொழுப்பு நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் பெர்ஃபோரின் உள்ளே செருக முடிவதில்லை என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கொலைக்குப் பிறகு நடப்பது. இரைக்குள் காஸ்பேஸ் வேலை செய்யத் தொடங்கியதும் கொல்லி பிடியை விடுகிறது. விட்டு அடுத்த இரையைத் தேடிப் போகிறது. பெர்ஃபோரின் இல்லாத கொல்லிக்கு அந்த விடுதலை கிடைப்பதில்லை. இரை சாகவில்லை, அதனால் பிடியும் விடவில்லை. மெல்போர்னில் 2015-இல் நுண்ணோக்கியில் படம்பிடித்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட செல்கள் ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரம் ஒட்டிக்கொண்டே இருந்தன. ஒட்டியிருக்கும் நேரமெல்லாம் இன்டர்ஃபெரான் காமா போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டிக்கொண்டே இருந்தன. விழுங்கணுக்களை உசுப்பிவிடுவது இந்த இன்டர்ஃபெரான்தான். உசுப்பப்பட்டவை எலும்பு மஜ்ஜையில் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். அந்தக் குழந்தையின் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் சரியும் ரத்த எண்ணிக்கையும் வைரஸின் வேலையைவிட, முடிவுக்கு வராத இந்தத் தாக்குதலின் விளைவுதான்.

பழுது எங்கே என்று அறியக் கொஞ்சம் ரத்தம் போதும். இயற்கைக் கொல்லி செல்லுக்குள் பெர்ஃபோரினுக்குச் சாயமேற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓட்டுகிறார்கள். சாயம் ஏறவில்லை என்றால் பெர்ஃபோரின் மரபணுவைப் பார்க்க வேண்டும். நன்றாக ஏறினால் அடுத்த கேள்வி: ஆயுதம் இருந்தும் வெளியே வரவில்லையோ? பைகளின் உட்சுவரில் சி.டி.107ஏ என்ற புரதம் உண்டு. பை திறந்து சவ்வோடு இணையும்போது அது செல்லின் வெளிப்பரப்புக்கு வந்துவிடும். செல்லைத் தூண்டியும் அது வெளியே தெரியவில்லை என்றால் பைகள் திறக்கவில்லை என்று அர்த்தம். இந்த வகையில் ஒன்றைத் தலைமுடியிலேயே சந்தேகிக்கலாம். கிரிசெல்லி நோயின் இரண்டாம் வகையில் குழந்தையின் முடி வெள்ளி கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு முடியை நுண்ணோக்கியில் வைத்தால் நிறமி சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகக் கட்டியிருப்பது தெரியும். நிறமிப் பைகள் இடம் சேரவும் கொல்லியின் பைகள் வெளியே திறக்கவும் ஒரே புரதம் தேவைப்படுவதுதான் காரணம்.

சிகிச்சையில் முதலில் டெக்ஸாமெத்தசோனும் எட்டோபோசைடும் கொடுத்துக் கொந்தளிப்பை அடக்குகிறார்கள். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பழுதான குழந்தைக்குப் புற்றுநோய் மருந்தா என்று பெற்றோர் திகைப்பது இயல்பு. ஆனால் எட்டோபோசைடு குறிவைப்பது விட முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த டி செல்களைத்தான். பழுது மரபணுவில் இருப்பதால் நிரந்தரத் தீர்வு மஜ்ஜை மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் இன்னும் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். அடுத்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. அதனால் அண்ணனோ அக்காவோ மஜ்ஜை தரும் முன்பு அவர்களையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஆரோக்கியமாக ஓடியாடும் பிள்ளைக்கும் இதே பழுது வெளிப்படாமல் இருக்கக்கூடும்.

மாற்றம் செய்தபின் ரத்தம் முழுவதும் கொடையாளியின் செல்லாக மாற வேண்டும் என்பதில்லை. அவை 20 முதல் 30 சதவீதத்துக்கு மேல் நிலைத்திருந்தாலே நோய் பெரும்பாலும் திரும்புவதில்லை. பழுதான கொல்லிகள் அப்போதும் உடலில் இருக்கும். ஆனால் அவை பிடித்துத் தொங்க வேண்டிய இரைகளை, துளை போடத் தெரிந்தவை வந்து முடித்துவிடுகின்றன.