540 வேண்டுமா? கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்!

நீட் எழுதும் பிள்ளைகளிடம் இலக்கைக் கேட்டால், 540, 600 என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு இயற்பியலில் எத்தனை கேள்வி சரியாக வேண்டும் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். ஆக, சரியான விடைகளை 5-ஆல் பெருக்கி, விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கையைக் கழித்தால் அதுவே மதிப்பெண்.

ஒரு மாணவியின் இலக்கு 540 என்று வைத்துக்கொள்வோம். இதை மூன்றாகச் சமமாகப் பிரிக்கக் கூடாது. அவருக்கு உயிரியல் கைவந்த பாடம், இயற்பியல் சிரமம். எனவே உயிரியலுக்கு 320, வேதியியலுக்கு 130, இயற்பியலுக்கு 90 எனப் பிரிக்கிறார். உயிரியலில் 88 கேள்விக்கு விடையளித்தால் 82 சரியாக இருக்க வேண்டும். அது 93 சதவீதத் துல்லியம். வேதியியலில் 40-க்கு 34, அதாவது 85 சதவீதம். இயற்பியலில் 36-க்கு 26 போதும், 72 சதவீதம்தான்.

மாதிரித் தேர்வில் இதே எண்ணிக்கையில் விடையளித்தும் அவருக்குச் சரியாக வந்தவை முறையே 76, 30, 23. மொத்தம் 481. இலக்குக்கு 59 குறைகிறது என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் தவறான ஒரு விடை சரியாக மாறினால் 5 மதிப்பெண் கூடும். உயிரியலில் 6, வேதியியலில் 4, இயற்பியலில் 3 என 13 விடைகளைத் திருத்தினால் 546 வந்துவிடும்.

அந்த 13 எங்கே இருக்கின்றன? விடைக்குறிப்போடு உட்கார்ந்து, தவறுகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: பாடமே தெரியாதவை, இரண்டு விடைகளுக்கு நடுவே குழம்பியவை, தெரிந்தும் கோட்டைவிட்டவை. ‘தவறான கூற்று எது’ என்ற கேள்வியை அவசரத்தில் ‘சரியான கூற்று எது’ என்று படித்திருந்தால், அது மூன்றாவது வகை. அதைத் திருத்தப் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை.

குருட்டாம்போக்கில் நிரப்பலாமா? நான்கில் ஒன்று சரியாகும் என்று பார்த்தால், கேள்விக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் தேறும். ஒரே தேர்வில் அது கழிவாகவும் முடியலாம். இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் சராசரி ஒன்றரை ஆகிறது. அப்போது நிரப்பலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. 2024-இல் முழு 720 எடுத்தவர்கள் பலர். 2025-இல் முதலிடமே 686. வினாத்தாள் கடினமானால் அதே 540-க்கு முன்னைவிட நல்ல தரவரிசை கிடைக்கும். எனவே தேர்வறையில் இயற்பியல் கடுமையாக இருந்தால், 36-ஐ எட்டியே தீரவேண்டும் என்று மல்லுக்கட்டி, உயிரியலுக்கான நேரத்தைத் தின்றுவிடக் கூடாது. அங்கே கைவிடும் 5 கேள்விகள் சரியாகவே வந்தாலும் 20 மதிப்பெண்தான். உயிரியலில் அவசரத்தால் தவறும் 5 விடைகள் 25-ஐக் கொண்டுபோய்விடும்.