மூடிய கம்பெனிக்கு ரெஸ்யூமேயில் என்ன இடம்?

2000-இல் டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது, சொந்தமாக ஏதோ தொடங்கிக் கைசுட்டுக்கொண்டு மறுபடி வேலை தேடியவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. அந்த வருடங்களை பயோடேட்டாவில் எப்படி மறைப்பது என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. ‘மேற்படிப்புக்குத் தயாரானேன்’, ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார்கள். சொந்தக் கம்பெனி நடத்தியவன் இன்னொருவருக்குக் கீழே அடங்கி உட்காரமாட்டான், ஆறு மாதத்தில் ஓடிவிடுவான் என்பது தேர்வு செய்பவரின் கணக்கு. அதைவிடப் பெரிய சிக்கல் காகிதம்தான். ரிலீவிங் லெட்டரும் பே ஸ்லிப்பும் இல்லாத அனுபவத்தை எச்.ஆர். ஃபைலில் எங்கே செருகுவது?

இன்று அந்தக் கூச்சம் பெருமளவு போய்விட்டது. 2016-இல் மத்திய அரசே ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் கொண்டுவந்தது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பங்கு வெளியிட்டது. நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரே ஒரு கம்பெனியை மூடிவிட்டு வந்தவராக இருக்கலாம். ஆனால் மறைத்த காலம் போய் மினுக்கும் காலம் வந்திருக்கிறது. இரண்டே பேர் நடத்திய கம்பெனிக்கு ‘ஃபவுண்டர், சி.இ.ஓ.’ என்று போட்டுக்கொண்டால், படிப்பவருக்கு அந்த ஆள் என்ன வேலை செய்தார் என்பதே தெரிவதில்லை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவையில் இரண்டு நண்பர்கள், சிறு ஹோட்டல்களுக்குக் காய்கறி சப்ளை. 40 ஹோட்டல்கள், மாதம் 6 லட்சம் ரூபாய் பில்லிங். 100 ரூபாய் விற்பனையில் கொள்முதலுக்கு 85, வண்டி வாடகைக்கும் அழுகலுக்கும் 12. மிச்சம் 3, அதாவது மாதம் 18 ஆயிரம். மண்டியில் அன்றன்றைக்கே பணம் கொடுக்க வேண்டும். ஹோட்டல்காரரோ 45 நாள் கழித்துத்தான் தருவார். ஆக 9 லட்சம் எப்போதும் வெளியில் நிற்கும். வியாபாரம் வளர வளர அந்தத் தொகையும் வளரும், கையில் பணம் குறையும். இரண்டரை வருடத்தில் மூடினார்கள்.

இதை ‘உணவு விநியோகத்தில் புதுமை படைத்த நிறுவனத்தின் தலைவர்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. நான் இப்படி எழுதச் சொல்வேன்: ‘இணை நிறுவனர், கொள்முதல் மற்றும் டெலிவரி பொறுப்பு. ஜூன் 2021 – டிசம்பர் 2023. 40 ஹோட்டல்கள், மாதம் 6 லட்சம் பில்லிங், 5 ஊழியர்கள். அழுகலை 9 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தேன். கடன் வசூல் தாமதத்தால் முதல் தீர்ந்து மூடப்பட்டது. ஊழியர், மண்டி பாக்கி அனைத்தும் தீர்க்கப்பட்டது.’ கொள்முதல் மேலாளர் வேலைக்கு ஆள் தேடுபவர் இதைப் படித்தால் கூப்பிடுவார். மூடிய காரணம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம், மிச்சம் நேரில் பேசிக்கொள்ளலாம். அங்கே ‘மூட வேண்டும் என்று எப்போது தெரிந்தது?’ என்று கேட்பார்கள். 45 நாள் கணக்கைச் சொல்பவர் தேறிவிடுவார். முதலீட்டாளர்களுக்குப் புரியவில்லை, மார்க்கெட் தயாராக இல்லை என்று இழுப்பவரிடம் அடுத்த கேள்வி வராது.

காகிதச் சிக்கலுக்கும் இன்று வழி இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்புக்கு வருபவர்களிடம் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட், ஒரு பழைய வாடிக்கையாளரின் போன் நம்பர் என்று கொடுத்தால் பெரும்பாலும் போதும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் நிலையை யாரும் பார்க்கலாம். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். ஷட்டரை இறக்கியதோடு கம்பெனி முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பதிவில் அது உயிரோடு இருக்கும், நீங்களும் இயக்குநராகவே இருப்பீர்கள். புது முதலாளி ‘ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலையா?’ என்று கேட்பது நியாயம்தானே. தொடர்ந்து மூன்று நிதியாண்டு கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து வருடம் இயக்குநர் தகுதியும் போகும். 2017-இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படித்தான் பட்டியலில் வந்தார்கள். கடன்களைத் தீர்த்துவிட்டு, எஸ்.டி.கே-2 படிவம் போட்டுப் பெயரை நீக்கச் சொல்லி முறையாக விண்ணப்பித்துவிட்டால், கம்பெனி மூடியதற்கு அரசுப் பதிவே சாட்சியாகிவிடும்.

இன்னும் மாறாத ஒன்று சம்பளக் கட்டம். பல நிறுவனங்களின் படிவத்தில் ‘கடைசியாக வாங்கிய சம்பளம்’ என்று ஒரு இடம் இருக்கும். தன் கம்பெனியில் சம்பளமே எடுக்காதவர் அதில் பூஜ்யம் போட வேண்டியிருக்கிறது, பேரமும் அங்கிருந்தே தொடங்குகிறது. பே ஸ்லிப் உள்ள வருடங்களை மட்டும் எண்ணி கிரேடு போடும் இடங்களும் உண்டு. அங்கே அந்த இரண்டரை வருடம் கணக்கில் சேராது என்பதை ஆஃபர் லெட்டர் வரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால், வேறு இடம் பார்ப்பதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.