நைட் ஷிப்டுக்கு ஒரு கவிதை

ஆலை ஆண்டுவிழாவில் இரவுப்பணித் தொழிலாளரைப் பாராட்டிக் கவிதை வாசிக்க வருபவர்கள் பெரும்பாலும் 'விழித்திருக்கும் விண்மீன்களே' என்றுதான் தொடங்குவார்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த வரி காவலருக்கும் செவிலியருக்கும் அப்படியே பொருந்தும். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தொழிலாளிக்குத் தோன்ற வேண்டுமென்றால், அவருடைய கை செய்யும் வேலை கவிதைக்குள் வர வேண்டும்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்பின்னிங்கில் சைடர் வேலை பார்ப்பவர் மெஷின் வரிசையில் இரவெல்லாம் நடந்துகொண்டே இருப்பார். எங்கே இழை அறுந்திருக்கிறது என்று கண் தேடும். கண்டதும் விரல் ஒட்டும். ஒட்டாமல் விட்டால் அந்தக் கதிரில் நூல் ஏறாது, பஞ்சு கழிவாகப் போய்விடும். பின்னிரவு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடல் சூடு தணிந்து தூக்கம் அமுக்கும். அந்த நேரத்திலும் இழை அறுவது நிற்காது. இவ்வளவு தெரிந்தால் கவிதை தானாக வரும்:

ஊரே போர்வைக்குள் ஒடுங்கும் வேளை
உங்கள் கையில் ஓடுது ஆலை!
அறுந்த இழையை விரல்கள் சேர்க்கும்,
அதற்குள் அடுத்தது அறுந்து பார்க்கும்!
மூணு மணிக்குத் தூக்கம் வந்தது,
'கேட் பாஸ் எங்கே?' என்றதும் நின்றது!
ஊரார் எழுந்து பல்துலக் கையிலே
உங்கள் தாலாட்டோ குக்கர் விசிலிலே!
நாங்கள் உடுத்தும் சட்டையும் சேலையும்
நீங்கள் விழித்த இரவுகள் தானே!

இதில் சிரிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். கேலிக்கு ஆளாவது தூக்கம்தான், தொழிலாளி இல்லை. 'மெஷினோரம் கண்ணயர்ந்த மாரிமுத்து' என்று எழுதினாலும் அரங்கம் சிரிக்கும். ஆனால் வேலை நேரத்தில் தூங்குவது மெமோ வாங்கித் தரும் குற்றம். மேனேஜரும் மாரிமுத்துவின் பிள்ளைகளும் அதே அரங்கில்தான் இருப்பார்கள். ஆள் பெயர் சொல்லிக் கிண்டல் வேண்டாம். குக்கர் விசில் வரி வீட்டுக்காரர்களுக்கு. பகலில் அவர் தூங்குவதற்காக டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பவர்கள் அவர்கள்தானே!

கடைசி இரண்டு வரிகளில் சிரிப்பு இல்லை. நகைச்சுவையிலேயே முடித்தால் பாராட்டும் விளையாட்டாகிவிடும் என்பதால், அங்கே நன்றியை நேராகச் சொல்லிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரி போதும். மைக்கில் நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடம் ஆகும். ஆலைக்குள் புழங்கும் சொல்லை அப்படியே விடுங்கள். கேட் பாஸை 'வாயில் அனுமதிச் சீட்டு' ஆக்கினால் சிரிப்பு போய்விடும்.

விழா அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கவிதையை நிகழ்ச்சியின் முற்பகுதியிலேயே வையுங்கள். பரிசளிப்பு முடிந்து வாசித்தால், யாருக்காக எழுதினோமோ அவர்கள் அதற்குள் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள்.