சதுரமாக்கிய பின்பே சுருக்கம்

நான்கு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், மண்டலங்களோ மூன்றுதான். ஒருவருக்கு ஒரு மண்டலம், ஒரு மண்டலத்துக்கு ஒருவர். யாரை எங்கே அனுப்பினால் மொத்த ஆதாயம் மிகும்? யார் எஞ்சி நிற்க வேண்டும்? செயல்முறை ஆராய்ச்சியில் இத்தகைய வினாவைப் பணி ஒதுக்கீட்டுக் கணக்கு என்பர்.

இதற்கு விடை காணும் அங்கேரிய முறையை அமெரிக்கக் கணிதவியலர் ஆரல்டு கூன் 1955இல் வெளியிட்டார். அங்கேரியக் கணிதவியலர்களான தேனசு கோனிக், இயேனோ எகர்வாரி ஆகியோரின் முன்னைய ஆய்வுகளே அதற்கு அடிப்படை என்பதால், அவர்களின் நாட்டுப் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒவ்வொரு நிரையிலும் உள்ள மிகச் சிறிய எண்ணை அந்நிரை முழுவதிலிருந்தும் கழித்து, பின்னர் ஒவ்வொரு நிரலிலும் அவ்வாறே செய்வது அம்முறையின் முதற்படி. அதைச் சுருக்கம் என்பர். சுருக்கத்தில் தோன்றும் சுழியங்களிலிருந்து, நிரைக்கு ஒன்றும் நிரலுக்கு ஒன்றுமாகத் தேர்ந்தெடுத்தால் அதுவே உகந்த ஒதுக்கீடு.

கழித்தலால் விடை ஏன் மாறுவதில்லை? எந்த ஒதுக்கீட்டை எடுத்தாலும் ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஒரே ஒரு கட்டம் கட்டாயம் தேர்வாகும். ஆகவே ஒரு நிரையிலிருந்து 5ஐக் கழித்தால் எல்லா ஒதுக்கீடுகளின் கூட்டுத்தொகையும் ஒரே அளவாக 5 குறையும். அவற்றின் தரவரிசை மாறாது. இம்முறை முழுவதும் நிற்பது இந்த ஒரு தூணின் மேல்தான். இம்முறைக்கு இரண்டு தேவைகள் உண்டு: தேடுவது சிறுமமாக இருக்க வேண்டும்; அணி சதுரமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் இரண்டுமே இல்லை. எண்கள் ஆதாயத்தைக் குறிப்பதால் தேடுவது பெருமம். நான்கு நிரைக்கு மூன்றே நிரல்கள்.

ஆண்டு ஆதாயம், இலட்சம் உரூபாயில், பின்வருமாறு எனக் கொள்வோம்.

| | மண்டலம் 1 | மண்டலம் 2 | மண்டலம் 3 |
|---|---|---|---|
| க | 80 | 70 | 60 |
| ச | 75 | 68 | 50 |
| த | 60 | 72 | 64 |
| ப | 40 | 38 | 41 |

முதலில் பெருமத்தைச் சிறுமமாக மாற்றுவோம். அணி முழுவதிலும் மிகப் பெரிய எண் 80. ஒவ்வோர் எண்ணையும் 80இலிருந்து கழித்தால் கிடைப்பது இழப்பு அணி. ஆதாயம் மிக்க இடத்தில் இழப்பு குறைவு; எனவே ஆதாயத்தின் பெருமம் இழப்பின் சிறுமமாகிறது. அடுத்து, நான்காவதாக ஒரு போலி நிரலைச் சேர்ப்போம். அப்படியொரு மண்டலம் உலகில் இல்லை. அது யாருக்கு ஒதுக்கப்படுகிறதோ அவரே எஞ்சி நிற்பவர்.

| | 1 | 2 | 3 | போலி |
|---|---|---|---|---|
| க | 0 | 10 | 20 | 0 |
| ச | 5 | 12 | 30 | 0 |
| த | 20 | 8 | 16 | 0 |
| ப | 40 | 42 | 39 | 0 |

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. எஞ்சி நிற்பவரால் வரும் ஆதாயம் சுழியம் என்றால், அவரது இழப்பு 80 ஆகாதோ? ஆகும். ஆயினும் போலி நிரலில் ஒரே ஒரு கட்டந்தான் தேர்வாகும் என்பதால், அந்நிரல் முழுவதும் 80 இருப்பதும் சுழியம் இருப்பதும் ஒன்றே. நான்கு கட்டங்களிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதே முதன்மையானது.

இப்போது சுருக்கம். ஒவ்வொரு நிரையிலும் சுழியம் இருப்பதால் நிரைச் சுருக்கத்தில் மாற்றம் இல்லை. நிரல்களின் சிறுமங்கள் 0, 8, 16, 0. அவற்றைக் கழித்தபின் எல்லாச் சுழியங்களையும் மூடுவதற்கு மூன்றே கோடுகள் போதும்: க நிரை, த நிரை, போலி நிரல். தேவையானவை நான்கு என்பதால் ஒதுக்கீடு இன்னும் முடியவில்லை. மூடப்படாத எண்களில் சிறியது ச நிரையின் இரண்டாம் கட்டத்தில் உள்ள 4. மூடப்படாதவை அனைத்திலிருந்தும் அதைக் கழித்து, இரு கோடுகள் வெட்டும் இடங்களில் கூட்டினால், அணி இவ்வாறு அமைகிறது.

| | 1 | 2 | 3 | போலி |
|---|---|---|---|---|
| க | 0 | 2 | 4 | 4 |
| ச | 1 | 0 | 10 | 0 |
| த | 20 | 0 | 0 | 4 |
| ப | 36 | 30 | 19 | 0 |

ப நிரையில் சுழியம் போலி நிரலில் மட்டுமே உண்டு. எனவே எஞ்சி நிற்பவர் ப. க முதல் மண்டலத்துக்கும், ச இரண்டாவதற்கும், த மூன்றாவதற்கும் செல்கின்றனர். ஆதாயம் 80 + 68 + 64 = 212 இலட்சம். இழப்பு அணியில் இதே ஒதுக்கீட்டின் கூட்டுத்தொகை 28. மும்முறை 80 ஆகிய 240இலிருந்து 28ஐக் கழித்தால் அதே 212. இரு வழியும் ஒத்துவருவதே கணக்கு சரி என்பதற்குச் சான்று.

இனி, படிகளின் வரிசை பிறழ்ந்தால் நேர்வதைக் காண்போம். ஒவ்வொரு நிரையையும் அந்நிரையின் பெருமத்திலிருந்து கழித்தால், இழப்பாக மாற்றுவதும் சுருக்குவதும் ஒரே படியில் முடியும் என்று ஒருவர் எண்ணலாம். அவ்வாறு கழித்துவிட்டு, அதன் பின்னர் சுழியப் போலி நிரலைச் சேர்க்கிறார் என்று கொள்வோம். க நிரை 0, 10, 20 ஆகும். ச நிரை 0, 7, 25. த நிரை 12, 0, 8. ப நிரை 1, 3, 0. சுழியங்கள் உடனே கைகூடுகின்றன: க முதல் மண்டலம், த இரண்டாவது, ப மூன்றாவது, ச எஞ்சியவர். மொத்த இழப்பு சுழியம். கோடு வரையும் வேலைகூட இல்லை. ஆனால் ஆதாயத்தைக் கூட்டிப் பார்த்தால் 80 + 72 + 41 = 193 இலட்சமே. 19 இலட்சம் கைநழுவிப் போயிற்று.

பிழையின் வேர் அந்தத் தூணில்தான் இருக்கிறது. போலி நிரல் சேரும் முன், நான்கு நிரைகளில் ஒன்று தேர்வின்றியே நிற்கும். ‘நிரைக்கு ஒரு கட்டம்’ என்ற உறுதி அப்போது இல்லை. ஆகவே நிரைதோறும் வெவ்வேறு எண்களைக் கழிப்பது தரவரிசையைக் குலைத்துவிடும். இதைக் கண்டறியவும் வழி உண்டு. நிரைப் பெருமங்களின் கூட்டுத்தொகை 80 + 75 + 72 + 41 = 268. இழப்பு சுழியம் என்றால் ஆதாயம் 268 ஆக வேண்டும், கிடைத்ததோ 193. இடைவெளி 75, எஞ்சி நின்ற ச நிரையின் பெருமமேதான். ஆதாய அணியிலேயே போலி நிரலைச் சுழியங்களோடு முதலில் சேர்த்துவிட்டுப் பின்னர் நிரைதோறும் கழித்திருந்தால், அந்நிரல் 80, 75, 72, 41 என மாறியிருக்கும். விடையும் 212 ஆகவே வந்திருக்கும்.

பணிகள் மிகுந்து ஆட்கள் குறைந்தால் நிலை தலைகீழ். அப்போது சேர்ப்பது போலி நிரை. அதற்கு முன் நிரைகளைக் கழிப்பதால் தீங்கில்லை, நிரல்களைக் கழித்தால்தான் விடை பிறழும். வேறுபாடு இரண்டானால் போலிகளும் இரண்டு.

போலி நிரலின் சுழியம் வெற்றிடம் அன்று. எஞ்சி நிற்பவரால் வேறெங்கும் வருவாய் இல்லை என்ற கூற்று அது. அக்கூற்று பொய்யானால் எண்ணும் மாற வேண்டும். ச தலைமையகத்தில் இருந்தே 20 இலட்சம் ஈட்டித் தருவார், மற்றவர்களால் அங்கே பயனில்லை என்றால், ஆதாய அணியின் போலி நிரலில் அவருக்கு நேரே 20 எழுதிய பின்பே 80இலிருந்து கழிக்க வேண்டும். அப்போது அவரை நிறுத்திவைக்கும் ஒதுக்கீடு 193 + 20 = 213 ஆகி, 212ஐ முந்திவிடும். வரிசை பிறழ்ந்த கணக்கு எழுதாமலே எழுதியதும் இத்தகைய எண்தான்: எஞ்சி நிற்பவர் யாராயினும் தம் நிரையின் பெருமத்தை வீட்டிலிருந்தே ஈட்டிவிடுவார் என்று அது கொண்டுவிட்டது. ஆகவே பெருமத்தை மாற்றுவதும் போலியைச் சேர்ப்பதும் முடிந்து, சேர்த்த எண்ணின் பொருளையும் உறுதிசெய்த பிறகே சுருக்கத்தின் முதற் கழித்தலைத் தொடங்க வேண்டும்.