ரத்தத் தட்டில் ஒரு வளையம்

நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வில் வளர்ப்புத் தட்டின் படத்தைக் கொடுத்து, பார்த்ததை எழுதச் சொல்வார்கள். தொண்டையில் தடவி எடுத்த மாதிரியை இட்டு, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்த ரத்த அகார் தட்டு ஒன்றைப் பார்ப்போம். அதில் செம்மறியாட்டு ரத்தம் 5 சதவீதம் கலந்திருக்கும்.

நெருக்கமாக வளர்ந்த இடத்தை விட்டுவிட்டு, தனியாக நிற்கும் காலனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குண்டூசித் தலையைவிடச் சிறியது, வட்டமானது, சாம்பல் நிறம், சீரான விளிம்பு. அதைச் சுற்றிக் காலனியைவிட அகலமாக, சிவப்பே இல்லாத தெளிந்த வளையம். அங்கே சிவப்பணுக்கள் முழுதாகச் சிதைந்துவிட்டன. இது பீட்டா ஹீமோலிசிஸ். வளையம் பச்சையாக மங்கியிருந்தால் ஆல்ஃபா. மாற்றமே இல்லையென்றால் காமா.

படம் ஏமாற்றுவது இங்கேதான். மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒன்றுபோலவே தெரியலாம். பின்னாலிருந்து ஒளி ஊடுருவும்படி எடுத்த படத்தில்தான் வேறுபாடு விளங்கும். அளவுகோல் இல்லாத படத்துக்கு மில்லிமீட்டர் கணக்கு எழுதக்கூடாது.

இந்தத் தட்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸை நினைவூட்டும். ஆனால் வேறு சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களும் இப்படி வளையமிடும். கேட்டலேஸ், பேசிட்ராசின் சோதனைகளைச் செய்யாமல் பெயர் எழுதுவது அவசரம்.